ப்ரோலாக்டின் 84, நான்கு மாதமாகப் பீரியட்ஸ் இல்லை: மாத்திரை தொடங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

நந்தினி29

எனக்கு 29 வயது. ஒரு வருடத்துக்கும் மேலாகக் குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். முன்பு 28, 30 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வந்த பீரியட்ஸ் மெல்லத் தள்ளிப்போய் 40 நாள், 50 நாள் என்றானது. இப்போது நான்கு மாதமாக வரவே இல்லை. கர்ப்பம் இல்லை என்பதை ரத்தத்திலும் பார்த்துவிட்டார்கள்.

மகளிர் மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனையில் ப்ரோலாக்டின் 84 என்று வந்திருக்கிறது. 25 வரை இயல்பு என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் அதைக் குறைக்க கேபர்கோலின் மாத்திரை எழுதி, தலைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிவிட்டார். வெளியே நிறையப் பேர் காத்திருந்ததால் கேட்க நினைத்ததை எல்லாம் கேட்க முடியவில்லை.

எனக்குப் பெரிய குழப்பம் இதுதான். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் கூடினால் கருமுட்டை ஏன் வெளிவராமல் போக வேண்டும்? முட்டை வராததுதான் பிரச்சினை என்றால், என் தோழிக்குக் கொடுத்த மாதிரி லெட்ரோசோல் கொடுத்து முட்டையை வரவைக்கக் கூடாதா? எம்ஆர்ஐ என்றதும் வீட்டில் எல்லாரும் பயந்துபோய் இருக்கிறார்கள்.

சுபா_அம்மா

தங்கச்சி, கவலைப்படாதே. எனக்கும் பால் சரியாக வரவில்லை என்று டாம்பெரிடோன் கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் நன்றாகச் சுரந்தது. குழந்தையை அடிக்கடி மார்பில் போடு, தண்ணீர் நிறையக் குடி. குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகிறது?

நந்தினி29

அக்கா, எனக்கு இன்னும் குழந்தை இல்லை. ப்ரோலாக்டின் குறைவும் இல்லை, அதிகமாகத்தான் இருக்கிறது.

வேலவன்

என் மனைவிக்கும் இதே பிரச்சினை இருந்ததால் நிறையப் படித்திருக்கிறேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்தால்தான் ப்ரோலாக்டின் இவ்வளவு ஏறும். கட்டி வளர்ந்தால் கண் நரம்பை அழுத்தும், பார்வை போய்விடும். அதனால் எம்ஆர்ஐயை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் மூக்கு வழியாக ஆபரேஷன் செய்துவிடுவார்கள், ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். டென்ஷன் ஆனாலும் ப்ரோலாக்டின் ஏறும், அதனால் டென்ஷன் ஆகாதீர்கள்.

டாக்டர்_எழில்

நான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். நந்தினி, எம்ஆர்ஐக்குப் போவதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். இப்போது தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? வயிற்றுக்கு, தூக்கத்துக்கு, ரத்த அழுத்தத்துக்கு, மனநலத்துக்கு என்று எதையும் விடாமல் சொல்லுங்கள். தைராய்டு பார்த்தார்களா, டிஎஸ்ஹெச் எவ்வளவு? ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எழுந்து எவ்வளவு நேரம் கழித்து?

இதற்கிடையில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ப்ரோலாக்டின் முக்கியமாக வேலையைக் கெடுப்பது சினைப்பையில் இல்லை, மூளையில். ஹைபோதலாமஸ் என்ற பகுதி ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு ஹார்மோன் துடிப்பை பிட்யூட்டரிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு ஒழுங்காக வந்தால்தான் பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் இரண்டையும் சரியாகச் சுரக்கும், முட்டை வளரும், நடுவில் எல்ஹெச் குபீரென்று ஏறி முட்டை வெளியே வரும். ப்ரோலாக்டின் கூடினால் இந்தத் துடிப்பைத் தூண்டிவிடும் நரம்பணுக்கள் அடங்கிப்போகின்றன. துடிப்பு குறைகிறது, முட்டை வளர்வது பாதியில் நிற்கிறது, ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. பால் கொடுக்கும் தாய்க்குப் பல மாதம் பீரியட்ஸ் வராமல் இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே அது இயற்கை, உங்களுக்குத் தேவையில்லாத நேரத்தில் நடக்கிறது.

லெட்ரோசோல் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. அந்த மாத்திரை ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து, 'ஈஸ்ட்ரோஜன் போதவில்லை, இன்னும் எஃப்எஸ்ஹெச் அனுப்பு' என்று மூளையை உசுப்பிவிடுகிறது. உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்; உசுப்பினாலும் பதில் சொல்ல வேண்டிய இடம் அடங்கிக் கிடக்கிறது. முதலில் ப்ரோலாக்டினை இறக்க வேண்டும். இறங்கின பிறகும் முட்டை வரவில்லை என்றால் லெட்ரோசோலைச் சேர்ப்பது உண்டு.

வேலவன், பார்வை பற்றிச் சொன்னது பெரிய கட்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் கட்டி இருந்தால்தான் 84 வரும் என்பது சரியில்லை. ஆபரேஷன்தான் வழக்கம் என்பதும் சரியில்லை. ப்ரோலாக்டின் சுரக்கும் கட்டி, பிட்யூட்டரிக் கட்டிகளிலேயே மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படுவது. மாத்திரை வேலை செய்யாதவர்களுக்கு, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அல்லது வேறு காரணங்களுக்காக விரும்புகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் கத்தி.

நந்தினி29

நன்றி டாக்டர். டிஎஸ்ஹெச் 2.4. ரத்தம் காலை ஏழு மணிக்கு, எழுந்த கையோடு வெறும் வயிற்றில் போய்க் கொடுத்தேன். ஊசிக்கு எனக்குப் பயம், இரண்டு முறை குத்தித்தான் எடுத்தார்கள்.

மாத்திரை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஃபோலிக் ஆசிட் மட்டும்தான். அப்புறம் நெஞ்செரிச்சலுக்காகக் காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒரு கேப்ஸ்யூல், அது ஏழெட்டு மாதமாக ஓடுகிறது. அட்டையில் பான்டோப்ரசோல், டாம்பெரிடோன் என்று இரண்டு பெயர் போட்டிருக்கிறது.

டாக்டர்_எழில்

அந்த இரண்டாவது பெயர்தான் நான் தேடியது. சுபா அக்கா தெரியாமலே சரியான மருந்தைச் சொல்லியிருக்கிறார். பால் சுரக்கக் கொடுத்தார்கள் என்று சொன்னது இதே டாம்பெரிடோன்தான்.

ப்ரோலாக்டின் விஷயத்தில் பிட்யூட்டரி எப்போதும் சுரக்கத் தயாராகவே இருக்கும். மேலிருந்து வரும் டோபமைன்தான் அதற்குப் ப்ரேக். டாம்பெரிடோன், மெடோகுளோபிரமைட், லெவோசல்பிரைட் மூன்றும் வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படுகின்றன. மூன்றும் டோபமைன் உட்காரும் இடத்தில் தாங்கள் உட்கார்ந்துவிடுகின்றன, ப்ரேக் விடுபட்டுவிடுகிறது. வயிற்று மாத்திரை என்பதால் இதை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, சொல்வதும் இல்லை. கேட்கிறவர்களும் 'வேறு மாத்திரை ஏதாவது?' என்று கேட்டுவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். நான் எப்போதும் அட்டையோடு கொண்டுவரச் சொல்வேன்.

உங்கள் மகளிர் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். நெஞ்செரிச்சலுக்குத் தனியாக பான்டோப்ரசோல் மட்டும் உள்ள மாத்திரை போதுமா என்று கேளுங்கள், அது ப்ரோலாக்டினை இப்படி ஏற்றுவதில்லை. டாம்பெரிடோனை நிறுத்தி குறைந்தது மூன்று நாள் கழித்து மறுபடி ப்ரோலாக்டின் பாருங்கள். அதுவரை கேபர்கோலின் தொடங்க வேண்டாம் என்று நான் சொல்வேன். தொடங்கிவிட்டால் எண் இறங்கும், ஆனால் எதனால் ஏறியது என்பது தெரியாமலே போய்விடும்.

வேலவன்

அப்படியென்றால் முடிந்தது விஷயம். கேஸ் மாத்திரைதான் காரணம். அதை நிறுத்தினால் போதும், ஸ்கேனும் வேண்டாம் கேபர்கோலினும் வேண்டாம். டாக்டர்கள் அவசரப்பட்டு எழுதிவிடுகிறார்கள்.

டாக்டர்_எழில்

அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்ட வேண்டாம். ஒரு காரணம் கிடைத்தது என்பதாலேயே இன்னொரு காரணம் இல்லை என்று ஆகிவிடாது. எண் இயல்புக்கு வந்துவிட்டால் நீங்கள் சொல்வது சரி. வராவிட்டால் இன்னும் தேட வேண்டும்.

ஆய்வக_செல்வம்

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மறுபடி கொடுக்கும்போது எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தூக்கத்தில் ப்ரோலாக்டின் ஏறும், விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். எழுந்த கையோடு கொடுத்தால் அந்த ஏற்றமும் சேர்ந்து வரும். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் போன பிறகு வாருங்கள். வேகமாக நடந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டாதீர்கள், கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஊசிப் பயம் உள்ளவர்களுக்கு ஒரு சின்னக் குழாயைக் கையில் மாட்டி, அரை மணி நேரம் சாய்ந்து உட்காரவைத்து, பயம் தணிந்த பிறகு அதிலிருந்து எடுக்கலாம். கேட்டால் செய்துகொடுப்பார்கள். பயத்தால் 30, 40 என்று சற்றே ஏறுவது சகஜம். 84க்கு அது மட்டும் காரணமாக இருக்காது.

இன்னொன்று, பெண்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டியது: 'பால் வருகிறதா' என்று மருத்துவர் கேட்டுவிட்டார் என்பதற்காகத் தினமும் மார்பை அழுத்தி அழுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படி அழுத்துவதே ப்ரோலாக்டினைத் தூண்டிவிடும்.

மாதிரி கொடுக்கும்போதே மேக்ரோப்ரோலாக்டின் என்ற, உடம்பில் பெரிதாக வேலை செய்யாத வகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

தாரிணி

செல்வம் அண்ணா கடைசியில் சொன்னது என் கதை. எனக்கு 96 இருந்தது. பீரியட்ஸ் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது, மார்பில் பால் எதுவும் இல்லை, அடிக்கடி வரும் தலைவலிக்காகப் பார்க்கப் போன இடத்தில் இதையும் பார்த்துவிட்டார்கள். எம்ஆர்ஐயில் 3 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்தது. சரி, கட்டி என்று முடிவு செய்து இரண்டு வருடத்துக்கும் மேல் கேபர்கோலின் சாப்பிட்டேன். வாரத்தில் மாத்திரை போடும் இரண்டு நாளும் குமட்டல், எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. வேறு மருத்துவரிடம் போனபோது மாத்திரையை நிறுத்தி மறுபடி பார்த்தார்கள். மொத்தம் 96, மேக்ரோவை நீக்கிவிட்டுப் பார்த்தால் 21. அதாவது எனக்கு உண்மையில் வேலை செய்யும் ப்ரோலாக்டின் இயல்பாகவே இருந்திருக்கிறது. அந்தப் புள்ளியும் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

எனக்குச் செலவானது போகட்டும், நான் கட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே கழித்த நாட்களை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. நந்தினி, அந்தப் பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள்.

ஆய்வக_செல்வம்

தாரிணி அவர்களுக்கு நடந்தது இதுதான். சிலர் ரத்தத்தில் ப்ரோலாக்டின் ஓர் எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பெரிய உருண்டையாகச் சுற்றும். அது உடம்பில் பெரிதாக எதுவும் செய்யாது, சீக்கிரம் வெளியேறவும் செய்யாது, ஆனால் எங்கள் மெஷின் அதையும் சேர்த்து எண்ணிவிடும். மாதிரியில் பெக் என்ற திரவத்தைச் சேர்த்தால் அந்த உருண்டைகள் அடியில் படிந்துவிடும். மேலே மிஞ்சுவதை மறுபடி அளப்போம். 96ல் 21 என்றால் மிஞ்சியது 22 சதவீதம். 40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பெரும்பகுதி மேக்ரோ என்று எழுதுவோம். அதோடு மிஞ்சிய எண் இயல்பு அளவில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சிலருக்கு மேக்ரோவும் இருக்கும், நிஜமான உயர்வும் இருக்கும்.

டாக்டர்_எழில்

தாரிணி, உங்கள் கோபம் நியாயமானது. கட்டி இல்லாத ஆரோக்கியமான பெரியவர்களை எம்ஆர்ஐ எடுத்தாலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் ஏதோ ஒரு சிறு புள்ளி தெரியும். அதனால்தான் ரத்தத்தை ஒழுங்காக முடிக்காமல் ஸ்கேனுக்கு அனுப்பக் கூடாது என்கிறேன். எண்ணும் தவறு, புள்ளியும் தற்செயல் என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிடும்.

நந்தினியின் நிலை வேறு. அவருக்கு நான்கு மாதமாகப் பீரியட்ஸ் இல்லை. மேக்ரோ மட்டும் இருந்தால் பொதுவாக அப்படி ஆகாது.

அக்காவுக்காக

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் அக்கா பல வருடமாக மனநலத்துக்கு ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறாள். அதனால் நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். ஆனால் ஒரு வருடமாகப் பீரியட்ஸ் இல்லை, ப்ரோலாக்டின் 110. இந்த இழையைப் படித்ததும் அவளும் மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது.

டாக்டர்_எழில்

வேண்டாம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கேஸ் மாத்திரையை மூன்று நாள் விட்டால் நெஞ்செரிச்சல் வரும், அவ்வளவுதான். ரிஸ்பெரிடோனைத் திடீரென்று விட்டால் அக்காவின் நோய் திரும்பி வரலாம். நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை அவருடைய மனநல மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

ரிஸ்பெரிடோன் ப்ரோலாக்டினை நன்றாக ஏற்றக்கூடிய மருந்துகளில் ஒன்று, 110 என்பது அந்த மருந்துக்கு ஆச்சரியமான எண் இல்லை. மருந்து தொடங்கியதற்கு முன்னால் எடுத்த ப்ரோலாக்டின் ரிப்போர்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்போது இயல்பாக இருந்தால் மருந்துதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அப்படி எதுவும் இல்லாமல், மருந்தையும் நிறுத்த முடியாது என்றால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடுவோம். ப்ரோலாக்டினை ஏற்றாத அரிபிப்ரசோலுக்கு மாற்றுவது, அல்லது இருக்கும் மருந்தோடு அதைக் கொஞ்சம் சேர்ப்பது என்று வழிகள் உண்டு. கேபர்கோலின் சேர்ப்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ரிஸ்பெரிடோன் எதை அடைக்கிறதோ அதையே கேபர்கோலின் தூண்டுகிறது, மனநோய் கிளம்பிவிடுமோ என்ற பயம் இருக்கிறது.

நந்தினி29

திரும்பி வந்திருக்கிறேன். என் மருத்துவரிடம் கேப்ஸ்யூல் அட்டையைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, 'முன்பே சொல்லியிருக்கலாமே' என்று மட்டும் சொல்லி மாற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, பத்து மணிக்கு, கையில் குழாய் மாட்டி உட்காரவைத்து எடுத்தார்கள். ப்ரோலாக்டின் 58. பெக் போட்ட பிறகு 47. ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டும் கீழ்ப்பக்கமாகத்தான் இருக்கின்றன.

ஆய்வக_செல்வம்

58ல் 47 என்றால் மிஞ்சியது 81 சதவீதம். மேக்ரோ இல்லை. இது நிஜமான ப்ரோலாக்டின்தான்.

டாக்டர்_எழில்

ஆமாம். மருந்தின் பங்கு நீங்கிய பிறகும் இயல்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஏறாமல் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பது, தடை மேலே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. சினைப்பையே ஓய்ந்துபோயிருந்தால் எஃப்எஸ்ஹெச் எகிறியிருக்கும். கர்ப்பம் இல்லை, தைராய்டு சரி. சிறுநீரகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதுவும் சரியாக இருந்தால் இப்போது எம்ஆர்ஐ எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பிட்யூட்டரிக்கென்று, மருந்து செலுத்தி எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண மூளை ஸ்கேனில் சிறியது தெரியாமல் போகலாம்.

முடிவு வருவதற்கு முன்னாலேயே ஒன்று சொல்லிவைக்கிறேன். எண்ணும் அளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 58க்கு ஒரு சிறிய கட்டி பொருந்தும், எதுவுமே தெரியாமல் போனாலும் பொருந்தும். ஆனால் 25 மில்லிமீட்டரில் ஒரு பெரிய கட்டி தெரிந்து எண் மட்டும் 58 என்றால் எங்களுக்குச் சந்தேகம் வரும். அது ப்ரோலாக்டின் சுரக்காத வேறு கட்டியாக இருந்து, டோபமைன் வரும் தண்டை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கலாம். அதற்கு மாத்திரை கொடுத்தால் எண் அழகாக இறங்கும், கட்டி சுருங்காது. அல்லது ப்ரோலாக்டின் பல ஆயிரத்தில் இருந்து, மெஷின் திணறிக் குறைவாகக் காட்டியிருக்கலாம்.

ஆய்வக_செல்வம்

திணறுவது சரியான சொல். அப்போது மாதிரியை நூறு மடங்கு நீர்த்து மறுபடி அளப்போம். நிஜ எண் வெளியே வந்துவிடும். ஸ்கேனில் பெரிதாக இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னால்தான் செய்யத் தோன்றும்.

நந்தினி29

எம்ஆர்ஐ வந்துவிட்டது. பிட்யூட்டரியின் வலது பக்கம் 6 மில்லிமீட்டர். கண் நரம்பிலிருந்து தள்ளி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகம் சரி. கேபர்கோலின் கால் மில்லிகிராம், வாரம் இரண்டு முறை.

டாக்டர்_எழில்

10 மில்லிமீட்டருக்குக் கீழே என்பதால் சிறிய வகை. 58க்கும் 6 மில்லிமீட்டருக்கும் பொருத்தம் இருக்கிறது. ஆக, உங்களுக்குக் கட்டியும் இருந்தது, கேப்ஸ்யூலும் மேலே ஏற்றிவிட்டது.

வேலவன் மனைவியின் பிரச்சினை எப்படி இருந்ததோ தெரியாது, நந்தினிக்கு இதில் பார்வைப் பயம் வேண்டாம். இந்த அளவுள்ளவை பெரும்பாலும் வளர்வதில்லை.

மாத்திரையை இரவில், சாப்பிட்ட உடனே, படுக்கப் போகும்போது போடுங்கள். முதல் சில முறை காலையில் எழும்போது உட்கார்ந்து, நிதானித்து, பிறகு நில்லுங்கள். நான்கு வாரத்தில் ப்ரோலாக்டின் பாருங்கள். இறங்காவிட்டால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள்.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். இந்த மருந்தில் சிலருக்குச் செலவு, சூதாட்டம், வேறு ஆசைகள் கட்டுமீறிப் போவது உண்டு. எல்லாருக்கும் வருவதில்லை. வந்தால் மருந்தால் வந்தது என்று அவர்களுக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் கவனிப்பார்.

கார்குழலி

எனக்கும் 5 மில்லிமீட்டர் இருக்கிறது. ஆனால் எனக்குக் குழந்தை வேண்டாம், பீரியட்ஸ் வராமல் இருப்பது எனக்கு வசதியாகவே இருக்கிறது. எதற்கு மாத்திரை என்று விட்டுவிட்டேன். அதில் தப்பு உண்டா?

டாக்டர்_எழில்

பீரியட்ஸ் ஒழுங்காக வந்துகொண்டிருந்து, தொந்தரவும் இல்லை என்றால் விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்து வரலாம். உங்களுக்குப் பீரியட்ஸ் இல்லை என்பது ஈஸ்ட்ரோஜன் குறைவு என்பதைக் காட்டுகிறது. வருடக்கணக்கில் அப்படி இருந்தால் எலும்பு தேயும், அது வலிக்காது, தெரியாது. கேபர்கோலின் பிடிக்காவிட்டால் கருத்தடை மாத்திரை மூலமாகவாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்கலாம். ஒருமுறை எலும்பு அடர்த்தி பாருங்கள்.

நந்தினி29

இரண்டு தடவை மாத்திரை போட்டதற்கே வாந்தி தாங்கவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். வாந்திக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போடுவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டாம்பெரிடோன்!

தாரிணி

நல்ல வேளை பார்த்தீர்கள். எனக்கும் அதையேதான் கொடுத்திருந்தார்கள், மாதக்கணக்கில்.

டாக்டர்_எழில்

போடாதீர்கள். ஒரு மாத்திரை ப்ரேக்கைப் போடும், இன்னொன்று அதே ப்ரேக்கை விடுவிக்கும். கேபர்கோலின் வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகும் சிலருக்குப் பின்னால் இப்படி ஒரு வாந்தி மாத்திரை ஒளிந்திருக்கும். ஒன்றிரண்டு நாளுக்குத் தேவைப்பட்டால் ஒன்டான்செட்ரான் கேளுங்கள், அது வேறு வழியில் வேலை செய்வது. அதைவிட நல்லது, கேபர்கோலின் அளவைப் பாதியாக்கி இரண்டு வாரம் போய், பிறகு கூட்டுவது. உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் குமட்டல் சில வாரத்தில் தணிந்துவிடும்.

நந்தினி29

பாதி அளவில் தொடங்கி இப்போது முழு அளவுக்கு வந்துவிட்டேன். குமட்டல் இல்லை, மூக்கடைப்பு மட்டும் லேசாக இருக்கிறது. ப்ரோலாக்டின் 17. பீரியட்ஸ் இன்னும் வரவில்லை. எண் இறங்கியும் ஏன் வரவில்லை?

வேலவன்

பீரியட்ஸ் வந்த பிறகுதான் முட்டை வரும். அதுவரை முயற்சி செய்து பலன் இல்லை, காத்திருங்கள்.

டாக்டர்_எழில்

வேலவன், இது தலைகீழ். முட்டை வெளிவந்து இரண்டு வாரம் கழித்துத்தான் பீரியட்ஸ் வரும். அதனால் முதல் முட்டை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரலாம், பீரியட்ஸையே பார்க்காமல் கர்ப்பம் தரித்தவர்கள் உண்டு. குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். நந்தினி, நீங்கள் இப்போதே முயற்சி செய்யலாம். துடிப்பு ஒழுங்குக்கு வர சில வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகும். பீரியட்ஸ் தள்ளிக்கொண்டே போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டே இருங்கள்.

நந்தினி29

பீரியட்ஸ் வந்தது. அடுத்த சுழற்சியில் 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் பார்க்கச் சொன்னார்கள், 1.2 மட்டும்தான். முட்டை வரவில்லை என்று சொல்லி லெட்ரோசோல் சேர்க்கலாமா என்று கேட்கிறார் மருத்துவர். அந்தப் பரிசோதனைக்கு அப்புறம் பன்னிரண்டாவது நாளில் பீரியட்ஸ் வந்தது.

டாக்டர்_எழில்

21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்குச் சரி. உங்களுக்கு அது 32 நாள் சுழற்சியாக இருந்திருக்கிறது. முட்டை 18ஆம் நாள் வாக்கில் வந்திருக்கும், 21ஆம் நாளில் புரோஜெஸ்டிரோன் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும். அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்னால் என்று கணக்கு வைத்து எடுங்கள், உங்களுக்கு 25ஆம் நாள் அளவில். 3க்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது. அதன் பிறகு லெட்ரோசோல் பற்றி முடிவு செய்யலாம்.

நந்தினி29

25ஆம் நாள் எடுத்தேன். 11.4.

கர்ப்பமானால் கேபர்கோலினை எப்போது நிறுத்த வேண்டும்? என் மருத்துவர் உறுதியான உடனே நிறுத்தச் சொல்கிறார். என் கணவரின் அத்தை மகளுக்கு முதல் மூன்று மாதம் தொடரச் சொன்னார்களாம்.

டாக்டர்_எழில்

உங்களைப் போன்ற சிறிய கட்டிக்கு, பரிசோதனையில் உறுதியான உடனே நிறுத்துவதுதான் நாங்கள் பொதுவாகச் செய்வது. அதுவரை போட்டதால் குழந்தைக்குக் கேடு என்று பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்குப் பெரிய கட்டியாக இருந்திருக்கலாம், அங்கே கணக்கு வேறு, சிலருக்குக் கர்ப்பம் முழுக்கவே தொடர்வோம். சில மருத்துவர்கள் கர்ப்பத்துக்குத் தயாராகும்போதே ப்ரோமோக்ரிப்டினுக்கு மாற்றிவிடுகிறார்கள், அதன் அனுபவம் இன்னும் பழையது என்பதால். நான் மாற்றுவதில்லை. ஒத்துக்கொண்ட மருந்தை மாற்றி மறுபடி குமட்டலோடு தொடங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் மாற்றுகிறவர்களைத் தவறு என்றும் சொல்ல மாட்டேன்.

கர்ப்பமான பிறகு ப்ரோலாக்டின் பார்க்க வேண்டாம், அது எல்லாருக்கும் ஏறத்தான் செய்யும், பார்த்தால் பயம்தான் மிஞ்சும். விடாத தலைவலி, பக்கவாட்டில் வருபவர்கள் கண்ணுக்குப் படாமல் போவது, இப்படி ஏதாவது தோன்றினால் மட்டும் உடனே காட்டுங்கள்.

அக்காவுக்காக

டாக்டர், அக்காவின் பழைய ரிப்போர்ட் கிடைத்தது. ரிஸ்பெரிடோன் தொடங்குவதற்கு முன்னால் ப்ரோலாக்டின் 14. மனநல மருத்துவர் அரிபிப்ரசோல் சிறு அளவில் சேர்த்துப் பார்க்கலாம் என்கிறார். அக்காவுக்குத்தான் பயம், இப்போது இருக்கும் நிம்மதி போய்விடுமோ என்று. எலும்பைப் பற்றி நீங்கள் கார்குழலிக்கு எழுதியதைக் காட்டினேன், யோசிக்கிறேன் என்றாள்.

டாக்டர்_எழில்

யோசிக்கட்டும், அவசரம் இல்லை. ரிஸ்பெரிடோனை எடுக்காமலே சேர்ப்பதால் நோய் திரும்பும் பயம் குறைவு. அதற்குள் எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிட்டால் முடிவெடுக்க அவருக்கு ஓர் எண் கையில் இருக்கும். சேர்த்தால் நான்கு வாரம் கழித்துப் ப்ரோலாக்டின் எடுங்கள். அன்றைக்கு அக்காவை எழுந்த கையோடு அழைத்துப் போகாதீர்கள்.